புதன்கிழமை இரவுகள்

தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை என்பது ஊரறிந்த கணக்கு. ஆம்பூருக்கும் பேர்ணாம்பட்டுக்கும் இடைப்பட்ட ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க, என் வாரத்துக்கு நடு நாள் அதுதான். காலையில் ஐஸ் பேக் அடுக்கிய கேரியரில் மருந்து வந்து இறங்கும். பத்து மணிக்குத் தொடங்கினால் பகல் ஒரு மணி வரை ஊசி. ஆனால் வேலை அதோடு முடிந்துவிடாது. மிச்ச பாதி இரவு எட்டு மணிக்கு மேல் என் செல்போனில் வந்து சேரும்.

அது ஏன் இரவில் வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் பெண்டாவேலண்ட் ஊசியில் ஐந்து நோய்களுக்கான மருந்து இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி வகை, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக் காய்ச்சலும். இதில் கக்குவான் பகுதியில் இருப்பது முழுதாகக் கொல்லப்பட்ட கிருமி. குழந்தையின் உடம்பு அதைப் பார்த்ததும் எதிரி வந்துவிட்டான் என்று வேலையைத் தொடங்கும். அந்த வேலையின் சூடுதான் காய்ச்சல். ஊசி போட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அது ஏறும். பதினொரு மணிக்கு ஊசி என்றால் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் உடம்பு கொதிக்கத் தொடங்கும். ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாலையில் உடல் சூடு கொஞ்சம் கூடுவது இயல்பு. இரண்டும் சேர்ந்து கொள்ளும். தொடை வீங்கி வலிப்பதால் தாய் தூக்கும்போதெல்லாம் குழந்தை வீறிடும். டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார், ஷூ கம்பெனி செகண்ட் ஷிஃப்ட்டில் அப்பா இருப்பார், வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். போன் எனக்கு வரும்.

எங்கள் பகுதியில் இந்த இரவுக்கு இன்னொரு பாரமும் உண்டு. வாலாஜா, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பட்டையில் ஆண்கள் தோல் ஷாப்பில் வேலை செய்தால், ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2017 வரை மகப்பேறு விடுப்பு சட்டப்படி பன்னிரண்டு வாரம்தான். அதிலும் பிரசவத்துக்கு முன்பே சில வாரம் போய்விடும். ஆக மூன்றரை மாத ஊசிக்கு முன்பே தாய் மெஷினுக்குத் திரும்பியிருப்பாள். புதன் இரவு கண் மூடாமல் கழித்துவிட்டு, வியாழன் காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊசி மெஷின் முன்னால் தூங்கி விழுந்தால் விரல் போகும். லீவு எடுத்தால் சம்பளம் போகும். "இன்னாத்துக்குக்கா இந்த ஊசி, சும்மா இருந்த கொயந்தைய அழ வெக்குது" என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்கு ஊசி மேல் வெறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டது கிடையாது. அவளுக்கு அந்த இரவு முடியவில்லை. இரண்டாவது ஊசிக்கு வந்தவள் மூன்றாவதுக்கு வராமல் நின்றுபோன வீடுகளில் போய் விசாரித்தால், அநேகமாக ஒரு கெட்ட இரவின் கதை வெளியே வரும்.

பெண்டா ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வந்தது. அதற்கு முன்னாலேயே எங்கள் பக்கம் பயம் வந்துவிட்டிருந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு சில காலம் கிராமத்தில் போடுவது நின்று, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்று ஆனது. பஸ் இல்லாத ஊரிலிருந்து கைக்குழந்தையோடு வருவது சுலபமா? அதே 2008இல் இலங்கையிலும் பெண்டா ஊசியைச் சில இறப்புகளை ஒட்டி நிறுத்தி, நிபுணர் குழு ஆராய்ந்து, 2010இல் மறுபடி தொடங்கினார்கள். இந்தச் செய்திகள் எல்லாம் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது வேறு உருவத்தில் இருக்கும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர், 2015-16இல் 70 பேர். காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்கு அதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால், புதன் இரவு போனை எடுத்த என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரு போனை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெண்டா வந்த புதிது. மூன்றரை மாதப் பையன், மூன்றாவது ஊசி. காலையில் நிறுத்துப் பார்த்தபோது 6 கிலோ. இரவு பத்தரைக்கு அவன் அம்மா கூப்பிட்டாள். பின்னால் பையன் அழுவது கேட்டது.

"அக்கா, நெருப்பா கொதிக்கிறான். காலைத் தொட்டாலே வீல்னு கத்துறான். எங்க மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போலாம்ங்கறாங்க."

நான் முதலில் சூட்டைக் கேட்கவில்லை. "பால் குடிச்சானா?" என்றேன்.

"எட்டு மணிக்கு குடிச்சான். இப்ப குடுத்தா கொஞ்சம் குடிச்சிட்டு அழுவுறான்."

"ஒண்ணுக்குப் போனானா?"

"போனான். இப்பத்தான் துணி மாத்துனேன்."

"தூக்கி வெச்சுகிட்டா உன் முகத்தைப் பாக்கறானா? நடுவுல கொஞ்சம் அடங்குறானா?"

"பாக்கறான்க்கா. தோள்ல போட்டு நடந்தா அடங்குறான். உக்காந்தா மறுபடி."

இந்த மூன்று பதிலும் வந்தவுடன் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. பால் இறங்குகிறது, சிறுநீர் போகிறது, விழித்துப் பார்க்கிறான், தூக்கினால் அடங்குகிறான். இது ஊசி வலியும் ஊசிக் காய்ச்சலும். அக்குளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது நல்லதாகப் போயிற்று. 101.4. நூறு புள்ளி நாலுக்கு மேல் காய்ச்சல் என்று சொல்வோம். மூன்று மாதம் தாண்டிய குழந்தைக்கு ஊசி போட்ட அன்று 101 என்பது நான் எதிர்பார்க்கிற சூடுதான்.

அடுத்து மருந்து. இந்த இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஊசியில் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலில் இருக்கலாம். பாரசிட்டமால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 கிலோ என்றால் 60 முதல் 90. நடுவாக 75 வைத்துக்கொள்ளலாம். இதுவரை சுலபம். ஆனால் கடையில் பாரசிட்டமால் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. சிரப் என்று விற்பதில் ஒரு வகையில் 5 மி.லி.யில் 125 மி.கி., இன்னொரு வகையில் 5 மி.லி.யில் 250 மி.கி. சொட்டு மருந்து என்று பிள்ளைக்கு வைத்திருப்பது பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. சின்ன பாட்டில், சின்ன குழந்தைக்கு, ஆகவே வீரியம் குறைவு என்று எல்லோரும் நினைப்பார்கள். நிஜம் நேர்மாறு. அந்தக் குட்டி பாட்டில்தான் அதிக வீரியம்.

"எந்த பாட்டில் வெச்சிருக்க?"

"ரெண்டு இருக்குதுக்கா. ஒண்ணு இவன் அக்காவோடது."

அவள் கணவர் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, பாட்டிலைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்து லேபிளை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். மருந்து பெயரை விட்டுவிடுங்கள், எத்தனை எம்ஜி, எத்தனை எம்எல் என்ற இரண்டு எண்களை மட்டும் படியுங்கள் என்றேன். பெரிய பாட்டில் 125, 5. சின்னது 100, 1. அதாவது பெரிய பாட்டிலில் 3 மி.லி. கொடுத்தால் 75 மி.கி. சின்ன பாட்டிலில் முக்கால் மி.லி. கொடுத்தாலே அதே 75. இப்போது ஒரு கணம் யோசியுங்கள். யாரோ "3 மி.லி. கொடு" என்று சொல்லியிருந்து, கையில் கிடைத்தது சின்ன பாட்டிலாக இருந்தால், பிள்ளைக்குள் 300 மி.கி. போயிருக்கும். நான்கு மடங்கு. ஒரே இரவில் அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரல் பாதிக்கும்.

பெரிய பாட்டிலை எடுங்கள், சின்னதைப் பீரோவுக்குள் வையுங்கள், சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், மூடியோடு வந்த அளவுக் குப்பியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ 3 மி.லி. கொடுங்கள் என்றேன். அடுத்த வேளைக்கு குறைந்தது ஆறு மணி நேரம் போகட்டும், அதுவும் சூடு இருந்தால் மட்டும், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் மாமியார் ஒரு முறை, மருமகள் ஒரு முறை கொடுத்துவிடக்கூடாது அல்லவா? பிறகு தலையில் மாட்டியிருந்த குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னேன். மாமியார் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பது போனிலேயே கேட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காற்று படக்கூடாது என்பது அவர் கேட்டு வளர்ந்த ஞானம். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், ஃபேனை மெதுவாக வையுங்கள், ஐஸ் தண்ணீரில் துடைக்க வேண்டாம் என்று அவரிடமே பேசினேன். தொடை வீக்கத்துக்கு சுத்தமான துணியை ஆறிய தண்ணீரில் நனைத்து லேசாக வைக்கலாம். தேய்க்கக்கூடாது, சூடாக ஒத்தடம் தரக்கூடாது, மஞ்சளோ சுண்ணாம்போ காபித்தூளோ பற்றுப் போடக்கூடாது. பால் மட்டும் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், கிரைப் வாட்டரும் வெந்நீரும் வேண்டாம்.

பதினொன்றரைக்கு நானே திரும்பக் கூப்பிட்டேன். அடங்கியிருந்தான். அடுத்த நாள் மதியம் வரை லேசாகச் சூடு இருந்து, வெள்ளிக்கிழமை காலை சிரித்துவிட்டான். ஊசிக் காய்ச்சலின் போக்கு இதுதான். முதல் நாள் ஏறும், இரண்டாம் நாள் தேயும், 48 மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். தொடையில் கட்டி மாதிரி கடினம் சில நாள் இருந்தால் கவலை இல்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் பெரிதானால், சிவந்து சூடாகிச் சீழ் கோத்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

அன்று அந்தத் தாயின் பதில்கள் வேறு மாதிரி இருந்திருந்தால் என் பேச்சும் வேறாக இருந்திருக்கும். குழந்தை பாலை மறுத்தால், ஆறு ஏழு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை என்றால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், மூச்சு வேகமாகி நெஞ்சு உள்வாங்கினால், அப்போது நான் பாட்டில் லேபிளைப் பற்றிப் பேசமாட்டேன். 108ஐக் கூப்பிடச் சொல்வேன். சூடு 102க்கு மேல் போய் மருந்துக்கு இறங்கவில்லை என்றாலும் டாக்டரை அந்த இரவிலேயே கேட்டுவிட வேண்டும். ஒன்றரை மாதக் குழந்தையை நான் போனில் தீர்மானிப்பதே இல்லை. அந்த வயதில் காய்ச்சல் ஊசியாலா, ரத்தத்தில் கிருமியாலா என்று பார்வையால் பிரிப்பது டாக்டருக்கே கடினம். நூறு புள்ளி நாலைத் தொட்டால் மருத்துவ அலுவலரை உடனே கேட்டுவிடுவேன். மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இதே வழியைத்தான் சொல்வேன்.

அழுகையிலும் ஒரு எல்லை உண்டு. தூக்கினால் அடங்கி மறுபடி தொடங்குவது ஒன்று. என்ன செய்தும் அடங்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அழுவது இன்னொன்று. இரண்டாவதும் கக்குவான் ஊசிக்குப் பிறகு அறியப்பட்டதுதான், பெரும்பாலும் தானாகத் தீரும். ஆனாலும் டாக்டர் பார்த்து, காதில் வலியா, குடல் சுருண்டதா என்று விலக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண் குழந்தை, ஊசி போட்ட நாலு மணி நேரத்தில் அழுகையை நிறுத்தியது. குழந்தை தூங்குகிறாள் என்று பாட்டி நினைத்தார். தாய் தூக்கியபோது கை கால் துவண்டு தொங்கியது. உதடு வெளிறியிருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தெருவுக்கு ஓடினாள். ஆம்புலன்ஸில் போகிற வழியிலேயே குழந்தை மெல்ல விழித்துக்கொண்டது. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து மறுநாள் அனுப்பினார்கள். ஊசிக்குப் பிறகு முதல் 48 மணி நேரத்துக்குள் அரிதாக இப்படி வரும், பின் விளைவு இல்லாமல் தேறிவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் அது எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது, ஆகவே ஓடியதுதான் சரி. அமைதியான குழந்தை எல்லாம் நல்ல குழந்தை அல்ல என்பதை நான் அதன் பிறகு ஒவ்வொரு தாய்க்கும் சொன்னேன்.

எனக்கு அதிகம் பயம் தந்தது புதன் இரவு அல்ல, சனிக்கிழமை. இரண்டரை மாத ஊசி போட்ட ஒரு பெண் குழந்தை. புதன் இரவு காய்ச்சல், வியாழன் மாலையில் இல்லை. வெள்ளி நன்றாக இருந்தாள். சனி காலை மறுபடி உடம்பு சூடு. வீட்டில் "ஊசிக் காய்ச்சல் திரும்பிடுச்சு" என்று சிரப் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது கேள்விப்பட்டேன். ஊசிக் காய்ச்சல் போய்விட்டுத் திரும்பி வருவதில்லை. குழந்தை வழக்கத்தில் பாதிப் பால்தான் குடிக்கிறாள் என்றார்கள். மாற்றிய துணியில் நாற்றம் கடுமையாக இருந்தது. அன்றே வேலூருக்கு அனுப்பினோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று தெரிந்தது, ஊசி மருந்து ஏற்றி வைத்தியம் செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் சிரப்பில் ஓட்டியிருந்தால் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கும். தடுப்பூசி போட்ட வாரத்தில் வருகிற எல்லாக் காய்ச்சலுக்கும் தடுப்பூசியே காரணம் என்று நம்பிவிடுவதால் வரும் கெடுதல் இது. அதனால்தான் 48 மணி நேரத்தைக் கடக்கிற காய்ச்சல், விட்டுத் திரும்புகிற காய்ச்சல் இரண்டையும் ஊசி கணக்கில் எழுதாதீர்கள் என்று சொல்வேன்.

ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியில் கணக்கு வேறு. அது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. உடம்புக்குள் பெருக நேரம் எடுக்கும். ஆகவே அன்று இரவு குழந்தை நிம்மதியாகத் தூங்கும், ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் ஒரு காய்ச்சல், சில சமயம் மேலே லேசான தடிப்பு வரும். அதற்குள் ஊசி போட்டதையே மறந்திருப்பார்கள். ஆனால் அந்த நாளில் வந்தது என்பதற்காக ஊசிதான் என்றும் சொல்லிவிட முடியாது. மழை முடிந்த மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் டெங்கு இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

ஊசிக்கு முன்பே மருந்து கொடுத்து வைக்கலாமா என்று விவரம் தெரிந்த அப்பாக்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். 2009இல் வெளியான செக் நாட்டு ஆய்வு ஒன்றில், காய்ச்சல் வராமலே முன்கூட்டிப் பாரசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குச் சில ஊசிகளில் எதிர்ப்புச் சக்தி குறைவாக ஊறியது. வந்த பிறகு, பிள்ளை அவதிப்பட்டால் கொடுத்தால் போதும்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வது கம்பெனிக்குப் போகவேண்டிய தாய்மார்களுக்கு எரிச்சலாக இருக்கும். முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது போன்ற கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். என் பெட்டியில் அட்ரினலின் ஊசி இருக்கும், அவள் வீட்டில் இருக்காது. அந்த அரை மணியை நான் வீணாக்கியதில்லை. என்ன ஊசி, இன்றிரவு என்ன வரும், அடுத்தது எப்போது, அட்டையைப் பத்திரமாக வை என்று எங்களுக்குச் சொல்லித்தந்த நாலு செய்திகளில், இரண்டாவதற்கு அதிக நேரம் கொடுத்தேன். இன்றிரவு அழுவான், உனக்குத் தூக்கம் இருக்காது, முடிந்தால் நாளைக்கு உன் அம்மாவை வரச்சொல் என்று முன்பே சொன்ன வீடுகளிலிருந்து இரவு போன் வரும்போது குரலில் பதற்றம் பாதியாக இருக்கும். அவர்கள் அடுத்த புதனும் வந்தார்கள்.

ஒன்றரை வயதில் போடும் ஊக்க ஊசிக்குப் பிறகு தொடை வீக்கமும் காய்ச்சலும் முந்தைய ஊசிகளைவிட அதிகமாக இருக்கலாம், பிள்ளை ஒரு நாள் நொண்டி நடக்கும். அந்த வயதில் சில குழந்தைகளுக்குச் சூடு ஏறும்போது வலிப்பு வரும். வந்தால் எங்கள் ஊரில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துத் தரையில் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும், வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், அடுத்த ஊசிக்கு வரும்போது எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதி எடுத்து வாருங்கள்.